ஒரே எரிச்சல், வேறு வேறு மருந்து: மாமியாருக்கு எது, மருமகளுக்கு எது?

"மிஸ், அந்த இடத்துக்கு ஏதாவது கிரீம் இருக்கா?" பினாங்கில் மருந்தாளராக வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பக்கத்தில் யாராவது வந்து நின்றால் உடனே பேச்சை மாற்றி, இருமல் மருந்து கேட்பார்கள். எந்த இடம், என்ன மாதிரித் தொல்லை என்று கேட்டால்தான் விஷயம் மெல்ல வெளியே வரும். பிறப்புறுப்பு வறண்டுபோயிருக்கிறது, சிறுநீர் போனால் சுரீரென்று எரிகிறது, உள்ளாடை பட்டாலே உறுத்துகிறது, கணவரோடு சேர்ந்தால் வலி உயிர் போகிறது.

கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. மாதவிலக்கு நின்று சில வருடங்கள் ஆனவர்கள் ஒரு பக்கம், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம். சில வீடுகளில் இந்த இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். ஒருவருக்கு வாங்கிய டியூபை மற்றவரும் எடுத்துப் போட்டுக்கொள்வதும் நடக்கும். தொல்லை ஒன்றுபோல இருந்தாலும், இருவரும் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றல்ல.

காரணம் என்னவோ இருவருக்கும் ஒன்றுதான். ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன் குறைந்துவிட்டது. யோனியின் உட்சுவரைத் தடிப்பாகவும் ஈரமாகவும் வைத்திருப்பது அதுதான். அந்தச் சுவரின் செல்களில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து போன்ற ஒரு பொருளைத் தின்று, அங்கே வாழும் நல்ல கிருமிகள் புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு இருக்கும்வரை கெட்ட கிருமிகள் அண்டுவதில்லை. ஈஸ்ட்ரோஜென் குறைந்தால் சுவர் மெலிகிறது, ஈரம் வற்றுகிறது, புளிப்பும் போய்விடுகிறது. சிறுநீர்க் குழாயின் வாயும் அதே ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த எரிச்சலோடு அடிக்கடி சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து வருகிறது.

வித்தியாசம் இதற்குப் பிறகுதான். பால் கொடுக்கும் பெண்ணுக்குப் பால் சுரக்கவைக்கும் ப்ரோலாக்டின் ஏறியிருக்கிறது. அது சினைப்பையைத் தூங்கவைத்திருக்கிறது, அவ்வளவுதான். குழந்தை கஞ்சி, சோறு என்று பழகிப் பால் குடிப்பது குறைந்து, மாதவிலக்கு திரும்பியதும் ஈரமும் தானாகத் திரும்பும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு அப்படித் திரும்ப வழியில்லை. உடம்பில் குப்பென்று ஏறும் சூடு, வியர்வை எல்லாம் சில வருடங்களில் அடங்கிவிடும். வறட்சி அடங்காது, கவனிக்காமல் விட்டால் வருடத்துக்கு வருடம் கூடும். எனவே முதல் கேள்வி எந்த கிரீம் என்பதல்ல, இந்த வறட்சி தானாகப் போகுமா போகாதா என்பதுதான்.

கடைக்குப் போகும் முன் நிறுத்த வேண்டியவை

எந்த மருந்தை ஒப்பிடுவதற்கும் முன்னால், எரிச்சலை நாமே வளர்க்கிறோமா என்று பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் இது பெரிய விஷயம். எரிகிறது என்றால் 'சுத்தம் போதவில்லை' என்று நினைத்து இன்னும் அழுத்திக் கழுவுவது வழக்கம். வெற்றிலைச் சாறு சேர்த்த பெண்கள் வாஷ் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. சிலர் வெந்நீரில் கிருமிநாசினி சில சொட்டு விட்டுக் கழுவுவார்கள். பிள்ளை பெற்ற பத்திய நாட்களில் மாசிக்காயை, இங்கே மஞ்சாகானி என்று விற்பதை, கழுவவும் குடிக்கவும் கொடுப்பார்கள். மாசிக்காயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் திசுவைச் சுருக்கும், உலர்த்தும். ஏற்கெனவே உலர்ந்துபோன இடத்தில் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 'இறுக்கம் வந்துவிட்டது' என்று பலர் சொல்வது பெரும்பாலும் அந்த உலர்வைத்தான்.

யோனியின் உட்புறம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளிப்பக்கத்தை மட்டும் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். சோப்பு போட்டே ஆக வேண்டும் என்றால் தொடை, அடிவயிறு பக்கம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறையில் இருக்கும் பிடே குழாயைப் பக்கத்தில் வைத்து வேகமாகப் பீய்ச்சுவதும் மெலிந்த தோலுக்கு அடிதான். தினமும் வைக்கும் வாசனை பேன்டி லைனர், இறுக்கமான செயற்கைத் துணி உள்ளாடை இரண்டையும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். சிலருக்கு இதிலேயே பாதி எரிச்சல் அடங்கிவிடும். ஒரு வெள்ளி செலவில்லை.

சிறுநீர் போகும்போது எரிந்தால் ஒரு சின்ன வழி உண்டு. ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரை முன்பக்கமாக மெதுவாக ஊற்றிக்கொண்டே போங்கள். அப்புறம் மென்மையாக ஒற்றி, வெளித்தோலில் மட்டும் வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவிக்கொள்ளலாம். உள்ளே வைக்க வேண்டாம், கிருமித் தொற்றுக்கு அது இடம் கொடுக்கும்.

லூப்ரிகண்ட், மாய்ஸ்ச்சரைசர்: இரண்டும் ஒன்றல்ல

கடையில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருக்கும், பெட்டியும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆனால் வேலை வேறு. லூப்ரிகண்ட் என்பது உறவு நேரத்துக்கு மட்டும். அந்த நேரத்து உராய்வைக் குறைக்கும், அவ்வளவுதான். மறுநாள் காலை எரிச்சலுக்கு அது ஒன்றும் செய்யாது. மாய்ஸ்ச்சரைசர் உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போடுவது. சுவரில் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று இரவு, படுக்கப் போகும்போது உள்ளே வைக்க வேண்டும். ஹையலுரானிக் ஆசிட் அல்லது பாலிகார்போஃபில் சேர்ந்தவை இந்த வகையில் வரும். இதை நேற்று ஒரு நாள் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. சில வாரம் விடாமல் போட்டால்தான் கணக்கு தெரியும்.

லூப்ரிகண்டில் தண்ணீர் சார்ந்தது, சிலிகான் சார்ந்தது, எண்ணெய் சார்ந்தது என்று மூன்று. தண்ணீர் சார்ந்தது சுலபமாகக் கிடைக்கும், கழுவினால் போய்விடும், ஆணுறையோடு போடலாம். ஆனால் சீக்கிரம் உலரும், நடுவில் மறுபடி தடவ வேண்டியிருக்கும். சிலிகான் நெடுநேரம் நிற்கும், அதையும் ஆணுறையோடு போடலாம். வறட்சி அதிகமாக இருந்தால் நான் முதலில் காட்டுவது அதைத்தான். விலை கொஞ்சம் கூடுதல், படுக்கை விரிப்பில் கறை படியும்.

தண்ணீர் சார்ந்ததில் ஒரு வம்பு இருக்கிறது. பல பொருள்களில் கிளிசரின், ப்ரொப்பிலீன் கிளைக்கால் அதிகம் சேர்த்திருப்பார்கள். உப்பில் போட்ட மாங்காய் சுருங்குவது போல, செறிவு கூடிய ஜெல் பக்கத்திலுள்ள செல்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வறட்சிக்குப் போட்டது இன்னும் வறட்சியைக் கொடுக்கும். இந்தச் செறிவு கிலோவுக்கு 380 மில்லிஆஸ்மோலுக்குள் இருப்பது நல்லது, 1200-ஐத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பெட்டியில் இந்த எண்ணைப் போடுவது அபூர்வம். அதனால் நான் பார்ப்பது பொருள் பட்டியலை. தண்ணீருக்கு அடுத்த இடத்திலேயே கிளிசரின் அல்லது ப்ரொப்பிலீன் கிளைக்கால் இருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி இருந்தாலும் வேண்டாம், நல்ல கிருமியையும் சேர்த்துக் கொல்லும். சூடு தரும், குளிர்ச்சி தரும், பழ வாசனை என்று எழுதியிருப்பவற்றை இந்த நிலையில் இருக்கும் யாரும் தொடவே வேண்டாம்.

தேங்காய் எண்ணெய்க்கு வருவோம், ஏனென்றால் நம் வீட்டில் அதுதான் முதலில் நினைவுக்கு வரும். வெளித்தோலுக்கு அது பரவாயில்லை, பலருக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த எண்ணெயும் லேடெக்ஸ் ஆணுறையைச் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கும். கிழிந்ததே தெரியாமல் கிழியும். கருத்தடைக்கு ஆணுறையை நம்பியிருக்கும் தாய்க்கு இதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த வருடம் இன்னொரு பிரசவம். உள்ளே எண்ணெய் வைப்பது ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்றுக்கும் வழிவிடலாம். ஆணுறை தேவையில்லாத, மாதவிலக்கு நின்ற பெண் வெளியே மட்டும் தடவிக்கொண்டால் நான் தடுக்க மாட்டேன். அதை மருந்து என்று மட்டும் நினைக்கக் கூடாது.

ஈஸ்ட்ரோஜென் கிரீம்: பயம் எங்கே, உண்மை எங்கே

மேலே சொன்ன எதுவும் சுவரைத் திரும்பத் தடிப்பாக்காது. அதைச் செய்வது யோனியில் போடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜென். கிரீமாகவும் வரும், சின்ன மாத்திரையாகவும் வரும். எஸ்ட்ரியால் கிரீம் என்றால் கூட வரும் குழாயில் ஒரு வளையக் கோடு இருக்கும். அந்தக் கோடு வரை நிரப்பினால் அரை கிராம் கிரீம், அதில் அரை மில்லிகிராம் மருந்து. முதல் இரண்டு மூன்று வாரம் தினமும் இரவில், அப்புறம் வாரத்துக்கு இரண்டு இரவு. எஸ்ட்ராடியால் மாத்திரை என்றால் 10 மைக்ரோகிராம், இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு. டாக்டர் வேறு கணக்கு சொன்னால் அதுதான் கணக்கு.

ஹார்மோன் என்றதும் 'கேன்சர் வருமே' என்று கையை எடுத்துவிடுவார்கள். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் மார்பகப் புற்று, இரத்தக் கட்டி, பக்கவாதம் என்று நீளமாக எழுதியிருப்பதும் உண்மை. அந்த எச்சரிக்கைகள் வாயால் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரைகளை வைத்து எழுதியவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மைக்ரோகிராம் மாத்திரையை முதல் வருடம் முழுக்க ஒழுங்காகப் போட்டாலும் மொத்தம் சேர்வது 1.14 மில்லிகிராம். வாயால் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை ஒன்றிலேயே, ஒரே நாளுக்கு, 1 அல்லது 2 மில்லிகிராம் இருக்கும். அதனால்தான் யோனியில் போடுவதற்குக் கருப்பையைப் பாதுகாக்கும் இன்னொரு ஹார்மோனைக் கூடச் சேர்ப்பதில்லை.

ஆனால் இரண்டு பேருக்குக் கதவு அப்படியே திறந்திருக்கவில்லை. மார்பகப் புற்று வந்தவர்கள், அதிலும் லெட்ரசோல், அனாஸ்ட்ரசோல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முதலில் ஹார்மோன் இல்லாத வழியைத்தான் பார்க்க வேண்டும். அது போதாவிட்டால் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் கிரீமைத் தொடக் கூடாது. மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, ஒரு சொட்டாக இருந்தாலும் இரத்தம் பட்டவர்களுக்கு அந்த இரத்தம் ஏன் வந்தது என்று பரிசோதித்த பிறகுதான் மற்றது எல்லாம். வறட்சியால் கீறியிருக்கும் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

கிரீம் போட்ட முதல் சில நாள் எரியலாம். மெலிந்த தோல் எதைப் போட்டாலும் எரியும், தோல் தேறத் தேற அது குறையும். பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் இரண்டாவது வாரத்தில் நன்றாகிவிட்டது என்று நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் சில வாரத்தில் பழைய கதைதான். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். எரிச்சல் வாசல் பக்கத்தில்தான் அதிகம் என்றால், குழாயை ஆழமாக விடுவதோடு நிற்காமல், பட்டாணி அளவு கிரீமை விரல் நுனியில் எடுத்து வாசலைச் சுற்றியும் தடவச் சொல்லி டாக்டரே சொல்வார். காலையில் கொஞ்சம் வெளியே வழிவது சகஜம், மருந்து வீணாகிவிட்டது என்று இன்னொரு தடவை போட வேண்டாம்.

ஒரு வீட்டுக் கணக்கு

பட்டர்வொர்த் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க, நான் பார்த்த பலரையும் கலந்துதான் சொல்கிறேன். மாமியாருக்கு 57 வயது, மாதவிலக்கு நின்று ஆறு வருடம், கணவர் இல்லை. ஒரு வருடத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கிறார். இனிப்பு நீர் உண்டு. மருமகளுக்கு 30 வயது, குழந்தைக்கு நான்கு மாதம், முழுத் தாய்ப்பால். பிரசவத்தில் தையல் போட்டிருக்கிறது. உறவு ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு முறையும் வலி.

மருமகள் முதலில் செய்ய வேண்டியது, வலி எங்கே என்று விரலால் காட்டுவது. வாசலைச் சுற்றி முழுக்கத் தேய்த்தது போல எரிந்தால் அது வறட்சி. தையல் போட்ட ஒரே புள்ளியில் ஊசி குத்துவது போல இருந்தால் அது தழும்பு. நுழையவே முடியாமல் தசை பூட்டிக்கொள்வது போல இருந்தால் அது பயத்தில் இறுகிய தசை. பின்னால் சொன்ன இரண்டுக்கும் ஜெல் ஊற்றி ஊற்றிப் பிரயோசனமில்லை. டாக்டரிடம் காட்டி, இடுப்புத் தசை பிசியோதெரபி வேண்டுமா என்று கேட்க வேண்டும். இந்தப் பெண்ணுக்குச் சுற்றிலும்தான் எரிகிறது. அதனால் சிலிகான் லூப்ரிகண்ட், கணவன் மனைவி இருவருக்கும் தாராளமாக. வாரத்துக்கு இரண்டு இரவு மாய்ஸ்ச்சரைசர். கருத்தடைக்கு ஆணுறை என்பதால் தேங்காய் எண்ணெய் கிடையாது. கருத்தடை ஊசி போடுவதாக இருந்தால் ஒரு வார்த்தை: மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி சினைப்பையை மேலும் அடக்கும், சிலருக்கு வறட்சி கூடலாம். போடக் கூடாது என்றில்லை, தெரிந்துகொண்டு போடலாம்.

அவருக்கு ஈஸ்ட்ரோஜென் கிரீம் கூடவே கூடாதா? அப்படியில்லை. மேலே சொன்னது பல வாரமாகியும் பலிக்காவிட்டால், பால் சுரப்பு நன்றாக நிலைத்த பிறகு, டாக்டர் குறைந்த அளவில் கொஞ்ச காலத்துக்குக் கொடுப்பதுண்டு. ஈஸ்ட்ரோஜென் அதிகமானால் பால் குறையும் என்பதால் குழந்தையின் எடையையும், நனைக்கும் டயப்பர் எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அதற்கு அவசரப்பட மாட்டேன். இன்னும் சில மாதத்தில் தானாகச் சரியாகப் போகிற தொல்லைக்கு, மாமியார் டியூபிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வது முதல் வழி ஆகாது.

மாமியார் கதை நேர் எதிர். அவருக்கு லூப்ரிகண்டால் ஒரு பயனும் இல்லை. 'புருஷனே இல்லை, எனக்கு எதுக்கு இதெல்லாம்' என்று அவர் சொன்னால், எரிச்சலும் மூன்று முறை தொற்றும் உறவுக்குச் சம்பந்தப்பட்டதல்ல என்று உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். முதலில் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்க கிளினிக்கில் சிறுநீர்ப் பரிசோதனை. கிருமி உண்மையிலேயே இருக்கிறதா, வெறும் எரிச்சலைத் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்களா என்பது அதில் தெரியும். கூடவே சர்க்கரை அளவு. மாதவிலக்கு நின்ற பிறகு, ஹார்மோன் எதுவும் எடுக்காத பெண்ணுக்கு ஈஸ்ட் தொற்று சாதாரணமாக வராது. வந்தால் இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகத் தள்ளுகின்றன. அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த இடத்தில் ஈஸ்ட் வளர்வது தெரிந்த பக்கவிளைவு. மாத்திரையை நாமே நிறுத்தக் கூடாது, கொடுத்த டாக்டரிடம் சொல்ல வேண்டும். தயிர் திரி மாதிரி வெள்ளைப்படுவதும் கடும் அரிப்பும் ஈஸ்ட். மீன் வாடை அடித்தால் வேறு கிருமி. வெளித்தோல் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக மாறி இரவில் அரிப்பு தாங்காவிட்டால் அது லைக்கன் ஸ்க்லரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம், அதற்கு ஸ்டீராய்டு கிரீம் வேண்டும். இவற்றில் எதையும் ஈஸ்ட்ரோஜென் குணமாக்காது.

எல்லாம் பார்த்து வறட்சிதான் என்று முடிவானால், இந்த அம்மாவுக்கு மாய்ஸ்ச்சரைசரில் ஆரம்பித்து மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. யோனியில் போடும் ஈஸ்ட்ரோஜென் புளிப்பைத் திரும்பக் கொண்டுவந்து அந்தத் தொற்றையும் குறைக்கும், மாய்ஸ்ச்சரைசரால் அது முடியாது. தினமும் இரவு என்ற முதல் கட்டம் முடிந்ததும், திங்கள், வியாழன் என்று காலண்டரில் கோடு போட்டுக்கொள்ளலாம். கை மூட்டு வலியால் குழாயை அழுத்த முடியாவிட்டால் மாத்திரை வகையைக் கேட்கலாம். வெற்றிலை வாஷ் பாட்டிலை அன்றே தூக்கிப் போட வேண்டும்.

தொற்றே வராத, லேசான உறுத்தல் மட்டும் உள்ள இன்னொரு 55 வயதுப் பெண் வந்தால் என் பதில் மாறும். அவர் மாய்ஸ்ச்சரைசரை இரண்டு மாதம் போட்டுப் பார்க்கலாம். போதவில்லை என்றால் கிரீம்.

ஆசை காட்டும் மற்றவை

தனியார் கிளினிக்குகளில் யோனிக்கு லேசர் என்று விளம்பரம் வருகிறது, ஆயிரக்கணக்கில் செலவாகும். 2018-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. 2021-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில், உண்மை லேசரையும் லேசர் மாதிரி நடித்துக் காட்டியதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் காசுக்கு எத்தனை வருடக் கிரீம் வாங்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

பெண்மைக்கு என்று விற்கும் மூலிகை மாத்திரைகளின் டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண்ணைத் தேடுங்கள். எண்களுக்குப் பிறகு T என்ற எழுத்து இருந்தால் பாரம்பரிய மருந்து வகையில் பதிவானது என்று அர்த்தம். பாதுகாப்பைப் பார்த்திருப்பார்கள், பலன் நிரூபிக்கப்பட்டது என்ற உறுதி அதில் இல்லை. பதிவெண்ணே இல்லாததை யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பால் கொடுப்பவர்கள் எதையும் வாயில் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம், செலவு தடையில்லை. வெட்கம்தான் தடை. பெண் டாக்டர் வேண்டும் என்று கவுண்டரில் கேட்கலாம், தவறில்லை. உள்ளே போனதும் 'கீழே ஒரு மாதிரி இருக்கு' என்று சொன்னால் பாதிப் பேருக்குச் சிறுநீர்ப் பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மலாய் டாக்டர் என்றால் 'ஃபராஜ் கெரிங்', 'பெடிஹ்' என்ற இரண்டு சொல் போதும், வறட்சியும் எரிச்சலும் உடனே புரியும். மாதவிலக்கு எப்போது நின்றது, இரத்தம் பட்டதா, மார்பகப் புற்று யாருக்கு, என்னென்ன மாத்திரை, எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள் என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மருந்துப் பெயர் தெரியாவிட்டால் அட்டையையே கொண்டுபோகலாம். சில இடங்களில் ஈஸ்ட்ரோஜென் கிரீமுக்கு நிபுணரிடம் அனுப்புவார்கள், அதற்குக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிரீம் ஆரம்பித்தால் மூன்று மாதம் கழித்து ஒரு நாள் குறித்துக்கொண்டு திரும்பப் போங்கள். அன்று டாக்டரிடம் சொல்ல வேண்டியது, சிறுநீர் போகும்போது எரிகிறதா, இடையில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா, இரத்தம் ஏதாவது பட்டதா, வாரம் இரண்டு முறை தவறாமல் போட்டீர்களா என்பதுதான். ஒழுங்காகப் போட்டும் மூன்று மாதத்தில் கொஞ்சமும் மாறவில்லை என்றால், அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்த இடத்தை விளக்கு வைத்துத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.